அறுபத்தொரு காலிக் கவர்

கதவைத் திறந்ததும் பார்சல் அண்ணன் உள்ளே வரவில்லை. மூன்று மாடி ஏறி வந்த மூச்சு வாங்கலோடு நேராகத் தண்ணீர் பாட்டிலுக்குப் பாய்கிற மனுஷன், இன்றைக்கு வாசலிலேயே நின்றுகொண்டு கைபேசியை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத யாரு எழுதுனது?"

அவள் கையில் கத்தரிக்கோல், வாயில் நூல். நூலைத் துப்பிவிட்டுக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். கடையின் பக்கம்தான். அவர்கள் கடையின் பெயர், அவர்கள் கடையின் படம். அதற்குக் கீழே இரண்டு கும்பிடு, ஒரு ரோஜாப்பூ. பூவுக்குக் கீழே எழுத்து.

'அன்பான வாடிக்கையாளர்களே, தவிர்க்க முடியாத சில காரணங்களாலும், கூரியர் நிறுவனத்தின் எதிர்பாராத தாமதத்தாலும் உங்கள் பொருள்கள் வந்து சேர்வதில் சிறு தடங்கல் ஏற்பட்டுள்ளது. உங்கள் பொறுமைக்கு நன்றி. என்றும் உங்கள் சேவையில்.'

இரண்டு தரம் படித்தாள். முதல் தரம் விளங்கவில்லை. இரண்டாம் தரம் விளங்கியபோது காது சுட்டது.

"உள்ள வாங்கண்ணே."

"வரமாட்டேன். நாலு மணிக்கு சூப்பர்வைசர் வரச் சொல்லியிருக்காரு. காலையிலேர்ந்து இருபத்தேழு பேரு எங்க ஆபீசுக்கு போன் போட்டு என்னைய திட்டியிருக்கான். 'உங்க ஆளு பார்சல வச்சுக்கிட்டு தரமாட்டேங்கிறான்'னு. இங்க பார்சல் எங்கம்மா இருக்கு? நீயே காட்டு!"

காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. கூடத்துச் சுவரோரமாக மூன்று வரிசை. பிளாஸ்டிக் கவர்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் லேபிள், ஒவ்வொன்றும் ஓர் அங்குல இடைவெளியில், நூல் பிடித்தது போல. அறுபத்தொன்று. அவற்றில் பதினெட்டுதான் வயிறு உப்பியிருந்தன. மற்றதெல்லாம் தட்டையாகக் கிடந்தன.

அதெல்லாம் தம்பியின் கைங்கரியம். பதினாறு வருஷம் தரைக்கு ஓடு பதித்தவன். சிமென்ட் குழைக்கும் முன் ஓடுகளையெல்லாம் வெறுமனே பரப்பி, எது எங்கே வரும், எத்தனை வெட்ட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அந்த வேலையின் முதல் பாடம். முழங்கால் போன பிறகு ஓடு பதிப்பதை விட்டான், பரப்புகிற பழக்கத்தை விடவில்லை. ஆர்டர் வந்ததும் லேபிள் அடிப்பான், கவரில் ஒட்டுவான், வரிசையாகப் பரப்புவான். பிறகுதான் தையல். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தரை ஓட்டுக்கு வாய் கிடையாது. லேபிளுக்கு உண்டு. அச்சு இயந்திரத்திலிருந்து லேபிள் வெளியே வந்த அந்த நிமிஷமே கடையின் மென்பொருள் வாங்கினவருக்குச் செய்தி அனுப்பிவிடும்: 'உங்கள் பொருள் புறப்பட்டுவிட்டது.'

அவர்கள் விற்றது முழங்கால் மெத்தை. உள்ளே கெட்டியான ஃபோம், மேலே தார்ப்பாய்த் துணி, பின்னால் இரண்டு ஒட்டுப்பட்டை. ஓடு பதிக்கிறவர்கள், குழாய் வேலைக்காரர்கள், மாடிப்படி துடைக்கிறவர்கள், பகல் பூராவும் மண்டியிட்டே பிழைக்கிறவர்கள்தான் வாங்குவார்கள். தம்பிக்குக் கிடைக்காத ஒன்றை அக்கா அவனுக்காகத் தைத்தாள். அதைப் பார்த்து அவன் கூட்டாளிகள் கேட்டார்கள். அப்படி ஆரம்பித்த கடை.

போன வாரம் திங்கட்கிழமை வந்த ஃபோம் சரியில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள், பள்ளம் விழுந்தது, எழுந்திருக்கவில்லை. இருந்தாலும் ஒரு ஜோடி தைத்துத் தன் காலில் கட்டிக்கொண்டு, தரையில் மண்டியிட்டபடி ஒரு மணி நேரம் நூல் வெட்டினாள். ஒவ்வொரு புதுச் சரக்குக்கும் அவள் செய்கிற சோதனை அது. அரை மணியிலேயே தரையின் குளிர் முட்டிச்சில்லில் ஏறிவிட்டது. மெத்தை அப்பளமாகியிருந்தது. "ஒண்ணுகூட போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஃபோமைத் திருப்பி அனுப்பினாள். மாற்றுச் சரக்கு ஒரு வாரம் கழித்து, நேற்று முன்தினம் சாயங்காலம்தான் வந்தது. இன்றோடு அறுபத்தொரு பேருக்குப் பொருள் 'புறப்பட்டு' ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"டேய்!" என்று உள் அறையைப் பார்த்துக் கத்தினாள். "சேவகரே! வெளிய வாங்க!"

தம்பி அளவுகோலோடு வந்தான். பார்சல் அண்ணனைப் பார்த்ததும் அளவுகோலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். முப்பத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"என்னடா எதிர்பாராத தாமதம்? யாரு எதிர்பாக்கல? ஃபோமு வரலன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், கீழ்வீட்டு நாய்க்குத் தெரியும்."

"எல்லாரும் அப்படித்தான்க்கா போடுறாங்க. பெரிய பெரிய கடையே போடுது. கூரியர்னு பொதுவாதானே போட்டேன், அண்ணன் பேரையா போட்டேன்?"

"இந்தத் தெருவுக்கு வர்ற கூரியரு நான் ஒருத்தன்தானே மாப்ளே," என்றார் பார்சல் அண்ணன். "பேரு வேற போடணுமா? போட்டோவும் சேத்துப் போட்டிருக்கலாமே. அந்த ரோசாப்பூவுக்குப் பதிலா."

தம்பி கால் மாற்றி நின்றான். அந்தக் கால் மாற்றலில் இன்னொரு சங்கதி ஒளிந்திருப்பது அக்காவுக்குத் தெரிந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவளுக்குத் தெரியாதா?

"இன்னும் என்னடா?"

பார்சல் அண்ணன்தான் சொன்னார். பார்சல் எடுக்க வந்து எடுக்காமல் திரும்பினால் அவர் கைபேசியில் காரணம் பதிய வேண்டும். 'கடை பூட்டியிருக்கிறது', 'பார்சல் தயாராக இல்லை', 'எனக்கு நேரமில்லை' என்று மூன்றே காரணம்தான் உண்டு. 'தயாராக இல்லை' என்று தொடர்ந்து மூன்று தடவை பதிந்தால் அந்தக் கடைக்கு ஒரு வாரம் யாரும் பார்சல் எடுக்க வரமாட்டார்கள்.

"ரெண்டு நாளு உள்ளதத்தான் போட்டேன். மூணாவது நாளு இவன் மாடிப்படியில என் கையப் புடிச்சுக்கிட்டான். 'அண்ணே, நாளைக்கு ரெடியாயிடும், எங்கள நிறுத்திடாதீங்க'ன்னு. சரி, நம்ம புள்ளைங்கன்னு 'எனக்கு நேரமில்ல'ன்னு போட்டேன். அஞ்சு நாளா போட்டேன் தங்கச்சி. அஞ்சு நாளும் படியேறி வந்து, வரலன்னு என் மேலயே எழுதிக்கிட்டுப் போனேன். இப்ப சூப்பர்வைசர் மேசையில ரெண்டும் இருக்கு. என் பதிவும் இருக்கு, உங்க போஸ்ட்டும் இருக்கு. ரெண்டும் ஒண்ணையே சொல்லுது. இந்த ஏரியா லைன எங்கிட்டேருந்து புடுங்கிடுவாங்க. புடுங்கினா அடுத்தது கிடங்குல மூட்டை தூக்குற வேலைதான். இந்த இடுப்ப வச்சுக்கிட்டு."

அக்கா தையல் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தவளுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தலையில் ஓர் அடி அடித்துக்கொண்டாள். கையிலிருந்த கத்தரிக்கோல் காதோரம் உரசியது, அதுவும் எரிச்சல்.

"அண்ணே, மொதல்ல உள்ள வந்து தண்ணியக் குடிங்க. நீங்க வாசல்ல நின்னா எனக்கு மூளை ஓடாது. டேய், அந்தக் கண்றாவிய அழி. வேற எழுதணும்."

"அழிச்சா இன்னும் தப்பா நினைப்பாங்கக்கா. கீழ நாப்பது பேரு கேட்டிருக்கான்."

"அப்ப அதுலயே திருத்து. மேல எழுது, கீழ எழுது. உக்காரு."

தம்பி உட்கார்ந்தான். கட்டைவிரல்கள் தயாராயின. தட்டினான், வாசித்தான். "'அன்பு உள்ளங்களே, எதிர்பாராத சூழ்நிலை காரணமாக…'"

"செருப்பு."

"'எங்கள் கட்டுப்பாட்டை மீறிய…'"

"யாரு கட்டுப்பாட்டடா மீறுச்சு? பொத்தான அமுக்குனது உன் விரலு. அது உன் கட்டுப்பாட்டுல இல்லன்னா வா, வெட்டித் தர்றேன்."

பார்சல் அண்ணன் தண்ணீரைப் பாதியில் நிறுத்திச் சிரித்தார். பிறகு தான் கோபமாக இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

அப்போது கடையின் கைபேசி அடித்தது. தம்பி எண்ணைப் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைக்கப் போனான். அக்கா பிடுங்கினாள். மேஸ்திரி. அவர் சொல்லித்தான் அவர் ஆட்கள் ஒன்பது பேரும் வாங்கியிருந்தார்கள்.

"யம்மா, என்னம்மா கடை நடத்துறீங்க? ஒன்பது நாளாச்சு புறப்பட்டு. நடந்து வந்திருந்தாக்கூட சேந்திருக்குமே!"

"புறப்படலங்க," என்றாள் அக்கா.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"புறப்பட்டுச்சுன்னு மெசேஜ் வந்துச்சே?"

"வந்தது பொய்ங்க. பொருள் தைக்கறதுக்கு முன்னாடியே லேபிள அடிச்சுட்டோம். ஃபோமு மட்டமா வந்துச்சு, நான்தான் அனுப்ப வேணாம்னு நிறுத்தினேன். உங்க ஆளுங்களோடதுல நாலு முடிஞ்சிருக்கு, மீதி அஞ்சு ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியும்."

"ஏம்மா, ஃபோமு மட்டம்னா மட்டம்னு சொல்ல வேண்டியதுதானே? இங்க என்ன நடந்துச்சு தெரியுமா? புதுசு புறப்பட்டுடுச்சுன்னு நம்பி என் ஆளு ஒருத்தன் பழசத் தூக்கிக் குப்பையில போட்டுட்டான். ஒரு வாரமா வெறும் முட்டியில ஓடு பதிக்கிறான். முட்டி பூசணிக்கா மாதிரி கெடக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பழைய சாக்க மடிச்சாவது கட்டியிருப்பான்ல? பொருளு வராட்டி போவுது. வரலன்னு தெரியணும்லம்மா!"

அவர் கட் செய்துவிட்டார். ஸ்பீக்கர் போடாமலே மேஸ்திரி குரல் எல்லாருக்கும் கேட்டிருந்தது. தம்பி தன் வலது முழங்காலைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சில்லு போன கால் அது. அவனாகவே அதைச் செய்திருக்கமாட்டான். கை தானாகப் போயிருந்தது.

"சொல்லுக்கா," என்றான். "நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

அக்கா சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் அடித்தான். நடுவில் ஓர் 'அன்பு' போட்டுப் பார்த்தான், அவள் விடவில்லை. ஒரு 'மனமார்ந்த' வந்து போனது. 'வருந்துகிறோம்' வேண்டாம், 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்றே போடு என்றாள். வருத்தம் நமக்கு, மன்னிப்பு அவங்க கொடுக்கறது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பத்து வரிக்கு முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு ஜோடி தைத்திருக்கலாம் என்று அவள் நான்கு தரம் சொன்னாள்.

பார்சல் அண்ணன் வாசித்துப் பார்க்க வாங்கினார். பாதியில் முகம் மாறியது.

"இது என்ன, 'கூரியர்காரர் தினமும் வந்து வெறுங்கையோடு திரும்பினார்'னு? தங்கச்சி, இது வேணாம்."

"உண்மைதானேண்ணே? உங்க மேல தப்பில்லன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா அப்ப நான் பதிஞ்சது என்ன? வரவே நேரமில்லன்னு அஞ்சு நாளு எழுதியிருக்கேனே! வரலன்னா சோம்பேறி. வந்துட்டு வரலன்னு எழுதியிருந்தா திருட்டுப் பதிவு. அதுக்கு லைன மட்டும் இல்ல, ஆளையே தூக்கிடுவாங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளதைச் சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி. இந்த நாசமாய்ப் போன பொத்தானை ஒருத்தன் வேளையில் அமுக்காமல் முன்னால் அமுக்கியதற்கு எத்தனை பேர் எத்தனை பொய்யைச் சுமப்பது! அக்காவுக்கு அழுகை வரவில்லை, அலுப்பு வந்தது. இருபது வருஷம் துணி ஆலையில் ஒரே தையலைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் போட்ட காலத்தில் வந்த அதே அலுப்பு. தப்பாக விழுந்த தையலின் மேலேயே இன்னொரு தையல் ஓட்டினால் நேராகாது. ஆரம்பித்த இடம் வரை பிரிக்க வேண்டும்.

"சூப்பர்வைசர் நம்பர் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கண்ணே."

"அக்கா, அவருகிட்ட சொன்னா நம்ம பிக்கப் நின்னுடும்," என்றான் தம்பி. "ஒரு வாரம்."

"நிக்கட்டும். நமக்கு விழ வேண்டிய அடி அஞ்சு நாளு முன்னாடியே விழுந்திருக்கணும். அத இவரு வாங்கிக்கிட்டாரு."

சூப்பர்வைசர் நிதானமான ஆள், குரலில் உணர்ச்சியே இல்லை. அக்கா கடை எண்ணைச் சொன்னாள். எந்தெந்த நாள் என்று சொன்னாள். பார்சல் தயாராக இல்லாதது தங்கள் தப்பு என்றும், அப்படிப் பதிய வேண்டாமென்று கையைப் பிடித்துக் கெஞ்சியதும் தாங்களே என்றும், மூணு மாடி ஏறி வந்த மனுஷனைத் தண்ணி குடிக்க வைத்தே வளைத்துவிட்டோம் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அவர் செய்தது தப்புதான்," என்றார் சூப்பர்வைசர்.

"தப்புதாங்க. அதுல பாதி எங்களோடது. எங்களுக்கு உள்ளத எங்க கணக்குல ஏத்திட்டு, மிச்சத்துக்கு அவரத் திட்டுங்க. லைன மட்டும் எடுக்காதீங்க. இந்த மூணு மாடிக்கு வேற எவனும் ஏறமாட்டான். போன வருஷம் வந்தவன் கீழயிருந்து விசில் அடிச்சான்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "உங்கள் கடைக்கு ஏழு நாள் பிக்கப் நிறுத்தம். கிடங்கு கவுன்ட்டரில் நீங்களே கொண்டுவந்து கொடுக்கலாம், காலை ஒன்பதிலிருந்து. அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை போகும். லைன் அவரிடமே இருக்கும்."

பார்சல் அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுபடி தண்ணீர் பாட்டிலை எடுத்தார். இந்தத் தடவை முழுதாகக் குடித்தார்.

"எச்சரிக்கையா," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "இருபத்திரண்டு வருஷத்துல மொத எச்சரிக்கை. அதுவும் நல்லவனா இருந்ததுக்கு." படியிறங்கப் போனவர் திரும்பினார். "இனிமே எம் பேர்ல பொய்யி எழுதாதீங்க. எழுதறதா இருந்தா நானே எழுதிக்கிறேன்."

தம்பி அந்த 'வெறுங்கையோடு' வரியை அழித்து, வேறு போட்டான். கிடங்குக்குத் தாங்களே சுமக்க வேண்டியதையும் சேர்த்தான். பழைய ரோஜாப்பூவுக்கு மேலேயே புதியது ஏறியது.

'நேற்று நாங்கள் கூரியர் தாமதம் என்று எழுதியது பொய். மன்னித்துக்கொள்ளுங்கள். கூரியர்காரர் மேல் தப்பு எதுவும் இல்லை. அவர் எடுத்துப்போகப் பொருளே தயாராக இல்லை. வந்த ஃபோம் மட்டமாக இருந்தது. மண்டியிட்டுப் பார்த்தோம், அரை மணியில் தட்டையாகிவிட்டது. அதை உங்களுக்கு அனுப்ப மனமில்லை. ஆனால் அதற்கு முன்பே லேபிள் அடித்துவிட்டதால் பொருள் புறப்பட்டதாக உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது. அதை நம்பிப் பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறீர்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மொத்தம் அறுபத்தொரு பேர். பதினெட்டு பேருடையது நாளை காலை போகிறது. மீதி நாற்பத்து மூன்றும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தைத்து முடித்துத் திங்கட்கிழமை நாங்களே சுமந்துபோய்க் கொடுக்கிறோம். அதன்பிறகு உங்கள் கைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். பழைய கூரியர் எண்ணைப் பார்க்காதீர்கள், பொருள் உண்மையாகவே போகிற அன்று புது எண் வரும். நீங்கள் எந்த வரிசை என்று இன்று இரவுக்குள் தனியாகச் செய்தி அனுப்புகிறோம். காத்திருக்க முடியாதவர்கள் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போடுங்கள், காரணம் கேட்காமல் முழுப் பணமும் திரும்பும். அதுவரை வெறும் முட்டியில் வேலை செய்யாதீர்கள், பழைய சாக்கையாவது மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.'

கடைசி வரியை அக்கா சொல்லவில்லை. அது தம்பி போட்டது. அவள் வாசித்துவிட்டுத் தையல் இயந்திரத்துக்குத் திரும்பினாள்.

சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் 'வேண்டாம்' என்றார்கள். இரண்டு பேர் கெட்ட வார்த்தையும் சேர்த்து எழுதினார்கள். ஒருவர், 'பொய் சொன்னதை ஒத்துக்கொண்டதற்கு நன்றி, ஆனால் பொய் சொல்லாமலே இருந்திருக்கலாம்' என்று எழுதினார். அதற்குத் தம்பி அரை மணி நேரம் பதில் யோசித்தான். அக்கா, "'ஆமாம்'னு போடு, போதும்" என்றாள். மேஸ்திரியிடமிருந்து எழுத்தில்லை, ஒரு படம் மட்டும் வந்தது: வீங்கிய முழங்கால் ஒன்று, சாக்குக் கட்டு போட்டு. அது திட்டா சமாதானமா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவரை லாபம்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிடங்கு கவுன்ட்டரில் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் நின்றார்கள். 'வேண்டாம்' என்றவர்களில் மூன்று பேர் அந்தப் பதினெட்டில் இருந்ததால் கையில் பதினைந்துதான். இரண்டு கோணிப்பைகளில் அடைத்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். தம்பி ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றான். முன்னால் நின்றவர் ஒரே ஒரு சைக்கிள் டயரை அனுப்ப இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் முறை வந்தபோது பார்சல் அண்ணன் தன் மூட்டையோடு அந்தப் பக்கமாகப் போனார். நின்றார். கவுன்ட்டர் பெண்ணின் பக்கத்தில் வந்து, கேட்காமலே பைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். கொடுக்கும் முன் ஒவ்வொரு கவரையும் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"என்னண்ணே பண்றீங்க?" என்றாள் அக்கா.

"உள்ள ஏதாச்சும் இருக்கான்னு பாக்குறேன்."

காலையில் ஒட்டிய ஒவ்வொரு புது லேபிளுக்கும் கருவி ஒரு தரம் கீச்சிட்டது. பதினைந்து கீச்சு. எங்கெங்கோ பதினைந்து பேருடைய கைபேசியில் இப்போது செய்தி போயிருக்கும்.

"அக்கா," என்றான் தம்பி, நெற்றி வேர்வையைத் துடைத்தபடி. "மீதி இருக்கறதுக்கும் இன்னைக்கே லேபிள் மட்டும் அடிச்சு வரிசையா வச்சுக்கிட்டா திங்கட்கிழமை சுலபமா…"

அக்கா மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"மாப்ளே," என்றார் பார்சல் அண்ணன், கவரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ முன்னாடி போயி பஸ்ஸுல எடம் போடு. ஓடு."